கிளாக்கரின் சம்பளத் துண்டு

இராசமலரை எனக்குப் பிடிக்காது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கதையைக் கேட்டு முடித்தபின் நான் அந்தப் பெண்ணுக்கு ஏதோ நன்மை செய்யப்போய் மாட்டிக்கொண்டவன் என்று யாரும் பரிதாபப்பட வேண்டாம்.

முரசுமோட்டையில் மயில்வாகனம் முதலாளியின் நெல் மில்லில் நான் கிளாக்கர். யாழ்ப்பாணத்தில் எஸ்.எஸ்.சி. படித்து, ஆங்கிலத்தில் திறமைச் சித்தி, அதாவது உயர்ந்த தேர்ச்சி, எடுத்தவன். அந்த ஆங்கிலத்தைக் கொண்டுவந்து உமித்தூசிக்குள் போட்டுப் புதைத்துவிட்டேனே என்ற எரிச்சல் எனக்கு எப்போதும் உண்டு. மில்லில் இருபத்திரண்டு பேர் வேலை. பெண்கள் பதினான்கு பேர், அவித்த நெல்லைச் சீமெந்துக் களத்தில் பரப்பிக் காயவிடுகிறவர்கள். அவர்களில் ஒருத்தி இராசமலர். அரசாங்கம் கொடுத்த குடியேற்றக் காணிக்கு வந்த குடும்பம், தகப்பன் இல்லை. தமிழ்ப் பாடசாலையில் எட்டாம் வகுப்பு வரை படித்திருக்கிறாள். ஆங்கிலத்தில் ஓர் எழுத்தும் தெரியாது. ஆனால் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் வேப்பமரத்தடியில் இருந்து பழைய பேப்பரை மற்றப் பெண்களுக்கு உரத்து வாசிப்பாள், ஏதோ பாராளுமன்றத்தில் பேசுகிற மாதிரி. அந்தக் குரல் என் மேசை வரை வரும். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

மாதக் கடைசிச் சனிக்கிழமை சம்பளம். முதலாளி காலையில் யாழ்ப்பாணத்திலிருந்து காரில் வருவார். காசை எண்ணி என் மேசையில் வைப்பார். நான் நிரப்பிவைத்த சம்பளத் துண்டுகளில் பச்சை மையால் ஒவ்வொன்றாகச் சுருக்கொப்பம் வைப்பார். பிறகு நெல்லு மூட்டைகளைப் பார்க்கக் களஞ்சியத்துக்குப் போய்விடுவார். நான் பெயர் கூப்பிட, ஆட்கள் வந்து பதிவேட்டில் முத்திரைக்கு மேல் கையெழுத்து வைத்து, காசையும் துண்டையும் வாங்கிக்கொண்டு போவார்கள். இராசமலர்தான் எப்போதும் கடைசி. களத்தைக் கூட்டி முடித்துவிட்டுத்தான் வருவாள்.

அறுபத்து மூன்றாம் ஆண்டு ஆடிமாதச் சம்பளத்தன்று அவள் காசை வாங்கினாள்; எண்ணினாள்; போகவில்லை. துண்டை என் மேசையில் திருப்பி வைத்தாள்.

“கிளாக்கர், இதை ஒருக்காத் தமிழில வாசிச்சுச் சொல்லுங்கோ.”

“மூண்டு வருசமா வாங்கிறாய். இண்டைக்கென்ன புதுப் புதினம்?”

“ஆவணியோட நான் வேலையால நிக்கிறன். கலியாணம். உடையார்கட்டுக்குப் போகப்போறன். போற ஆள் தன்ர கணக்கை அறிஞ்சுகொண்டு போகவேணுமெல்லோ.”

சாப்பாட்டு நேரம். வயிறு கடித்தது. “காசு சரியோ, சரி. பிறகென்ன?” என்றேன்.

“காசு ஐம்பத்துநாலு ரூபா. நாள் ரெண்டு ரூபா நாப்பது சதம், இருபத்தஞ்சு நாள். அறுபது வரவேணும். ஆறு ரூபா எங்க போகுது எண்டு கேக்கிறன்.”

அவளுக்குப் பின்னால் வாசலில் சிவனேஸ்வரியும் இன்னும் நாலைந்து பெண்களும் நின்றார்கள். போகச் சொன்னால் போகிற முகங்களாகத் தெரியவில்லை. சரி, படிப்பில்லாததுகளுக்கு ஒரு பாடம் எடுப்போம் என்று எனக்கும் ஒரு திமிர் வந்தது. அந்தத் திமிர்தான் என்னைக் கெடுத்தது.

துண்டை எடுத்து வரி வரியாக விரலை வைத்துச் சொன்னேன்.

“இது உன்ர பேர். இது மொத்தச் சம்பளம், அறுபது. இது ஈ.பி.எவ். தமிழில ஊழியர் சேமலாப நிதி. நூற்றுக்கு நாலு. அறுபதுக்கு ரெண்டு ரூபா நாப்பது சதம்.”

“அது என்ர ஒரு நாள் கூலி.”

“ஓம். மாதத்தில ஒரு நாள் கூலியை அரசாங்கம் உனக்காகச் சேமிச்சு வைக்குது. மத்திய வங்கியில உன்ர பேரில இலக்கத்தோட கணக்கிருக்கு. வட்டியும் போடுவினம். ஆம்பிளையளுக்கு ஐம்பத்தஞ்சு வயசில, பொம்பிளையளுக்கு ஐம்பது வயசில கைக்கு வரும்.”

“ஐம்பது வயசிலயோ?” சிவனேஸ்வரி வாசலில் நின்று சிரித்தாள். “அதுக்கிடையில நாங்கள் சுடலைக்குப் போயிடுவம்.”

“சட்டத்தை முழுக்கக் கேளுங்கோ முதல்,” என்று அதட்டினேன். “கலியாணத்துக்காக வேலையை விட்டுப் போற பொம்பிளை ஐம்பது வயசு வரைக்கும் பாத்திருக்கத் தேவையில்லை. கலியாணப் பதிவுத் துண்டோட விண்ணப்பம் போட்டால் அப்பவே எடுக்கலாம். அதுவும் உன்ர ரெண்டு நாப்பது மட்டுமில்லை. முதலாளி தன்ர காசில நூற்றுக்கு ஆறு போடவேணும். அதையும் சேர்த்து உனக்குத்தான்.”

சொல்லி முடித்த கையோடு எனக்கு நாக்கைக் கடித்துக்கொள்ள வேண்டும்போல் இருந்தது.

இராசமலர் விரல்விட்டு எண்ணினாள். “அறுபதுக்கு நூற்றுக்கு ஆறு எண்டால் மூண்டு ரூபா அறுபது சதம். அது முதலாளியின்ர காசு. என்ர காசில்லை.”

“ஓம்.”

“அப்ப எனக்கு வெட்டவேண்டியது ரெண்டு நாப்பது மட்டும். ஆறு ரூபா வெட்டியிருக்கு. மிச்சம் மூண்டு ரூபா அறுபது சதம் என்னது?”

“அது வேற. இந்தா, அடுத்த வரி. இன்கம் ராக்ஸ். வருமான வரி.”

“முதலாளி போடுறதும் மூண்டு அறுபது, என்னட்ட வரி எண்டு எடுக்கிறதும் மூண்டு அறுபதோ?”

“ஒரே தொகையா வரக்கூடாதெண்டு சட்டமிருக்கோ? அரசாங்கத்துக்குக் கட்டுற வரியடி அது. கேள்வி கேக்கிறதெண்டால் கொழும்புக்குப் போய்க் கேள்.”

அவள் குரலை உயர்த்தவில்லை. துண்டைத் திருப்பி வெறும் பக்கத்தைக் காட்டினாள். “இப்ப சொன்னதை இதில தமிழில எழுதித் தாங்கோ. எது நிதி, எது வரி எண்டு. நான் வீட்டுக்குப் போய் ஆறுதலா வாசிக்கிறன்.”

எழுதியிருக்கக் கூடாது. ஆனால் மாட்டேன் என்றால் பயந்துவிட்டேன் என்று நினைப்பார்கள். பெண்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். எழுதினேன்: சேமலாப நிதி ரூபா 2.40. வருமான வரி ரூபா 3.60. என் கையெழுத்து அழகானது. முத்துமுத்தாக எழுதிக் கொடுத்தேன்.

இனி உண்மையைச் சொல்கிறேன். மூன்று வருடத்துக்கு முன் தொழிற் கந்தோரிலிருந்து, அரசாங்கத்தின் தொழில் அலுவலகத்திலிருந்து, கடிதம் வந்தது. தொழிலாளர் எல்லோரையும் நிதியில் பதிய வேண்டும், தொழிலாளியிடம் நூற்றுக்கு நாலு, முதலாளியிடம் நூற்றுக்கு ஆறு, மொத்தம் பத்தையும் மாதம் தவறாமல் மத்திய வங்கிக்கு அனுப்ப வேண்டும், முதலாளியின் பங்கைத் தொழிலாளியின் சம்பளத்தில் பிடிக்கக் கூடாது. நான்தான் கடிதத்தை முதலாளிக்கு வாசித்தேன். அவர் கதிரையில் சாய்ந்தபடி கேட்டுவிட்டு, “அப்ப மாதம் நூறு ரூபாவுக்குக் கிட்ட என்ர கையால போகுமோ? உந்தக் களத்துப் பெட்டையளுக்கு நான் ஏன் சீதனம் சேர்க்கவேணும்?” என்றார். பிறகு, “ஆறையும் அவையளிட்டையே எடு. நிதியெண்டு எழுதாத. வருமான வரியெண்டு எழுது. வரியெண்டால் சனம் கேள்வி கேளாது” என்றார்.

“பிடிபட்டால்?” என்று கேட்டேன்.

“ஆர் பிடிக்கிறது? துண்டு இங்கிலீசில இருக்கு. கொழும்புக்குப் பத்து வீதமும் ஒழுங்காப் போகும். அங்க கணக்குச் சரி. இஞ்ச ஆருக்கு விளங்கும்?” என்றார். பிறகு என்னைப் பார்த்துச் சிரித்தார். “உன்ர துண்டில அந்த வரி வேண்டாம். உனக்கு நான் போடுறன்.”

என் சம்பளம் நூற்றைம்பது. அதற்கு நூற்றுக்கு ஆறு, ஒன்பது ரூபா. மாதம் ஒன்பது ரூபாவுக்கு நான் விலைபோனேன். அதை லஞ்சம் என்று நான் நினைக்கவில்லை. மரியாதை என்று நினைத்தேன். அவர்கள் கூலி, நான் உத்தியோகத்தன். அந்த வித்தியாசத்தைத் துண்டிலும் காட்டியிருக்கிறார் என்று உள்ளூர ஒரு பெருமைகூட.

சந்தியில் மஹ்றூப்பின் பலசரக்குக் கடை. அண்ணன் முறையில் அவரை எல்லோரும் ‘நானா’ என்று கூப்பிடுவோம். மில் ஆட்கள் எல்லோருக்கும் அங்கேதான் மாதக் கடன். மஹ்றூப்பிடம் ஒரு வழக்கம் உண்டு. கடன் கேட்கிறவர் அந்த மாதச் சம்பளத் துண்டைக் கொடுக்க வேண்டும். இன்ன மில்லில் இன்னமும் வேலை இருக்கிறது என்பதற்கு அதுதான் அத்தாட்சி. அவர் அதைக் கல்லாவுக்கு மேலே தொங்கும் வளைந்த கம்பியில் குத்திவைப்பார். கணக்குத் தீர்ந்தாலும் யாரும் துண்டைத் திருப்பிக் கேட்பதில்லை. வாசிக்கத் தெரியாத கடதாசி யாருக்கு வேண்டும்? கம்பி நிறைந்தால் கட்டிப் பெட்டியில் போட்டுவிட்டுப் புதுக் கம்பி போடுவார். நானும் அங்கேதான் கடன் வாங்குகிறவன். என் துண்டும் அதே கம்பியில்தான் குத்தியிருந்தது. அதை நான் யோசிக்கவே இல்லை.

அந்தச் சனிக்கிழமை பின்னேரம் இராசமலர் நேரே மஹ்றூப்பின் கடைக்குப் போயிருக்கிறாள். அங்கே நடந்ததை மஹ்றூப்பே பிறகு எனக்குச் சொன்னார், கொஞ்சமும் இரக்கமில்லாமல்.

“நானா, நீங்கள் வருமான வரி கட்டுறனீங்களோ?” என்று கேட்டிருக்கிறாள்.

“கட்டுறன். வருசத்தில ஒருக்கா விண்ணப்பம் வரும். வரவு செலவு எழுதி அனுப்பவேணும். அதுவும் கடை பெருத்த பிறகுதான் எனக்கே வந்தது. ஏன் கேக்கிறாய்?”

“மாதம் அறுபது ரூபாக் கூலிக்கு வரி வருமோ?”

மஹ்றூப் சீனி நிறுத்துக்கொண்டிருந்தவர், தராசை விட்டுவிட்டுச் சிரித்தாராம். “அறுபது ரூபாக்காரனிட்ட வரி எடுத்தால் இந்த நாட்டில பிச்சைக்காரனும் கட்டவேணும். உன்னட்ட ஆர் எடுத்தது?”

அவள் நான் எழுதிக் கொடுத்ததைக் காட்டினாள். பிறகு கம்பியை இறக்கச் சொன்னாள். துண்டு துண்டாகப் பிரட்டினாள். அவளுக்கு ஆங்கிலம் தெரியாதுதான். ஆனால் எல்லாத் துண்டும் ஒரே அச்சில் உருட்டியவை. எந்த வரி எங்கே இருக்கிறது என்று நான்தானே விரல் வைத்துக் காட்டிக் கொடுத்திருக்கிறேன். இலக்கம் எல்லாப் பாஷைக்கும் ஒன்றுதான். சிவனேஸ்வரியின் துண்டில் அந்த வரியில் மூன்று சொச்சம். கொதிகலன்காரன் ஐயாத்துரையின் துண்டில் ஐந்து சொச்சம். ஒவ்வொன்றிலும் ஏதோ ஒரு தொகை. கடைசியில் ஒரு துண்டில் மட்டும் அந்த இடத்தில் ஒரு சின்னக் கோடு.

“இது ஆற்ற துண்டு?”

“அது கிளாக்கர் தில்லைநாதன்ர,” என்றாராம் மஹ்றூப்.

திங்கட்கிழமை காலை நான் பேரேட்டை விரித்து இருக்கும்போது பதினான்கு பெண்களும் உள்ளே வந்தார்கள். களம் வெறுமனே கிடந்தது. தொட்டியில் நெல் அவிந்துகொண்டிருந்தது.

“என்ன இது? அவிச்ச நெல்லு நாறப்போகுது. போங்கோ வேலைக்கு!”

இராசமலர் இரண்டு துண்டுகளை என் முன்னால் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். ஒன்று அவளுடையது. மற்றது என்னுடையது.

“உங்கட சம்பளம் என்ர சம்பளத்தில ரெண்டரை மடங்கு. எனக்கு வருமான வரி மூண்டு அறுபது. உங்களுக்கு ஏன் கோடு?”

பொய் சொல்ல நான் பழகியவன்தான். ஆனால் அந்தக் கோட்டுக்கு ஒரு பொய் என்னிடம் தயாராக இருக்கவில்லை.

“வாசிக்கத் தெரியாதெண்டு நினைச்சியள்,” என்றாள். “வெறுமையை வாசிக்க இங்கிலீசு வேணுமோ?”

“முதலாளியிட்டக் கேளுங்கோ.”

“முதலாளியோ எழுதினவர்? இது ஆற்ற கையெழுத்து? மூண்டு வருசம். மாதம் ஒண்டரை நாள் நான் வெயிலுக்குள்ள நிண்டு உழைச்ச கூலி. எனக்குத் தாலிக்கொடி செய்யக் காசில்லாமல் அம்மா ஆடு வித்தவா. அந்தக் காசைக் கள்ளர் மாதிரி எடுத்துப்போட்டு, வரியெண்டு எனக்கே எழுதியும் தந்திருக்கிறீர்.”

‘நீங்கள்’ ‘நீர்’ ஆகிவிட்டது. எனக்குக் கோபம் தலைக்கேறியது. “வாயை அடக்கிக் கதை! நீ போறவள், போய்விடு! மிச்ச ஆக்களின்ர வேலையைக் கெடுக்காத!” என்று கத்தினேன்.

சிவனேஸ்வரி என் மேசைக்குப் பக்கத்தில் எச்சிலைத் துப்பினாள். எல்லோரும் வெளியே போனார்கள். களத்துக்குப் போனார்கள், வேலையும் செய்தார்கள். ஆனால் அன்றிலிருந்து யாரும் என் முகத்தைப் பார்த்துக் கதைக்கவில்லை. தண்ணீர்ப் பானைக்குப் பக்கத்தில் நான் போனால் எழும்பிப் போவார்கள். என் சைக்கிள் இரண்டு முறை காற்றுப் போய்க் கிடந்தது.

அடுத்த சனிக்கிழமை முதலாளி வந்தார். நடந்ததைச் சொன்னேன். அவர் திட்டுவார் என்று நினைத்தேன். திட்டவில்லை. மிகவும் அமைதியாக அலுமாரியைத் திறந்து, சம்பளப் பதிவேட்டையும் நிதிக் கடிதங்கள் போட்ட கோவையையும் எடுத்துக் காரின் பின்பெட்டியில் வைத்துப் பூட்டினார்.

“தம்பி, நான் கொழும்புக்குப் பத்து வீதமும் காசோலையா அனுப்பியிருக்கிறன். வங்கியில அத்தாட்சி இருக்கு. வருமான வரியெண்டு நீ ஆரிட்ட என்ன பிடிச்சியோ எனக்குத் தெரியாது. எழுதினது நீ.”

“நீங்கள்தானே எழுதச் சொன்னனீங்கள்!”

“நான் சொன்னதுக்குச் சாட்சி ஆர்?”

கார் போய்விட்டது. வாசலில் நின்றேன். இருபத்தொரு பேரிடம் மூன்று வருடமாக மாதம் நூறு ரூபா. ஆயிரக்கணக்கில் திருடியவன் என்று என்னை மறியலில், சிறையில், போடுவார்கள். ஊரில் கலியாணத்துக்குக் காத்திருக்கிற இரண்டு தங்கச்சிமாரும் உள்ளவன் நான். பயம் என்றால் என்ன என்று அன்றுதான் அறிந்தேன். அதைவிடக் கோபம். ஒன்பது ரூபா தந்து என்னை வாங்கிவைத்தது எதற்கு என்று அன்றுதான் விளங்கியது. பிடிபடும் நாளில் தலையில் கட்டிவிட ஒருவன் வேண்டும். அதற்காகத்தான்.

இராசமலர் சும்மா இருக்கவில்லை. தன் கையால் தமிழில் மனு எழுதி, கம்பியில் கிடந்த துண்டுகளைக் கோத்து, பதினான்கு பேரும் கையெழுத்திட்டு யாழ்ப்பாணத் தொழிற் கந்தோருக்கு அனுப்பிவிட்டாள். ஆவணிமாத நடுவில் ஓர் உத்தியோகத்தர் வந்தார். மெலிந்த மனிதர், கண்ணாடி போட்டவர். என் மேசையில் தானே இருந்துகொண்டார். நான் நின்றேன். முதலாளி வேட்டி சால்வையோடு எதிரில் கதிரையில். வாசலில் பெண்கள்.

பதிவேட்டையும் கோவையையும் உத்தியோகத்தர் கேட்டு எடுப்பித்திருந்தார். “நிதிக்கு அனுப்பினது சரி,” என்றார். “பத்து வீதமும் போயிருக்கு. ஆனால் இந்தத் துண்டுகளில நாலும் ஆறும் தொழிலாளியிட்டையே பிடிபட்டிருக்கு. ஆறு வருமான வரியெண்டு. இந்தச் சம்பளத்துக்கு வருமான வரி ஒரு சதமும் இல்லை. அந்தக் காசு ஆரிட்டப் போனது?”

“ஆறு வீதம் நான் என்ர காசில கட்டினனான்,” என்றார் முதலாளி. “கிளாக்கர் வரியெண்டு சொல்லித் தன்ர பொக்கற்றில போட்டிருக்கிறான். படிச்ச பொடியனெண்டு நம்பினன்.”

உத்தியோகத்தர் என்னைப் பார்த்தார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். கடிதம் வாசித்தது, கதிரையில் சாய்ந்தது, சீதனக் கதை, ஒன்பது ரூபா. நல்லவனாகிச் சொல்லவில்லை. அந்த மனிதனின் சால்வையைப் பார்க்கப் பார்க்க வந்த ஆத்திரத்தில் சொன்னேன். துண்டுகளில் இருந்த பச்சைச் சுருக்கொப்பத்தைக் காட்டினேன்.

“நிரப்பின துண்டுக்குச் சுருக்கொப்பம் வைக்கிறதுதான்,” என்றார் முதலாளி. “ஒவ்வொண்டா வாசிக்க எனக்கு நேரமிருக்கோ?”

“உமக்குச் சாட்சி இருக்கோ?” என்று உத்தியோகத்தர் என்னிடம் கேட்டார்.

இல்லை என்று தலையாட்டினேன். அந்த அறையில் எனக்காக வாய் திறக்க ஒரு ஆளும் இல்லை. அப்படி ஒருவரை நான் அந்த மில்லில் சம்பாதிக்கவும் இல்லை.

“நான் ஒண்டு சொல்லலாமோ?” இராசமலர் வாசலிலிருந்து உள்ளே வந்தாள்.

“சொல்லும், பிள்ளை.”

“சம்பளம் வாங்க எப்பவும் நான்தான் கடைசி ஆள். முதலாளி காசை எண்ணி மேசையில வைப்பார். கிளாக்கர் அந்த மேசையில இருந்தே எல்லாருக்கும் எடுத்துக் குடுப்பார். எனக்குத் தந்த பிறகு மேசையில ஒரு சதமும் மிச்சமிருக்கிறதில்லை. மூண்டு வருசமும் அப்பிடித்தான். வெட்டின காசு கழிஞ்சுதான் மேசைக்கே வந்தது. வராத காசை இவர் எப்பிடிப் பொக்கற்றில போடுறது?”

உத்தியோகத்தர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “முதலாளி, சம்பளத்துக்கு வங்கியில எடுத்த காசின்ர கணக்கு, மூண்டு வருசத்தையும் கொண்டு வாங்கோ. வெட்டுக்கு முந்தின தொகை எடுத்தனீங்களோ, வெட்டுக்குப் பிந்தின தொகை எடுத்தனீங்களோ எண்டு பாப்பம்.”

முதலாளியின் சால்வை தோளிலிருந்து வழுக்கி விழுந்தது. அவர் அதை எடுக்கவில்லை.

நான் இராசமலரைப் பார்த்தேன். நன்றி சொல்ல வாயெடுத்தேன். அவள் முந்திக்கொண்டாள்.

“உமக்காகச் சொல்லேல்லை,” என்றாள், எல்லோருக்கும் கேட்க. “நீர் மறியலுக்குப் போனால் என்ர காசு முதலாளியிட்டையிருந்து வராது. அதுக்காகத்தான். நீரும் கள்ளன்தான். ஒன்பது ரூபாக் கள்ளன்.”

வங்கிக் கணக்கு அவள் சொன்னபடிதான் இருந்தது. வழக்குப் போடுவோம் என்றதும் முதலாளி எல்லோருக்கும் திருப்பிக் கொடுக்க ஒத்துக்கொண்டார். வேலைக்கு வராத நாட்களைக் கழித்து இராசமலருக்கு நூற்றிருபத்திரண்டு ரூபா சொச்சம். எண்ணிக் கொடுத்தது நான்தான். அதுதான் அந்த மேசையில் நான் செய்த கடைசி வேலை. அதற்கு முன் அவளுடைய நிதி விண்ணப்பத்தையும் நிரப்ப வேண்டியிருந்தது. படிவம் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் இருந்தது. ஆங்கிலப் பக்கத்தை நிரப்பி, அவள் கலியாணத்தைப் பதிந்த துண்டை இணைத்து, முதலாளியிடம் விலகிய திகதிக்கு ஒப்பம் வாங்கிக் கொடுத்தேன்.

அவள் படிவத்தைத் திருப்பி வெறும் தாளொன்றைப் பக்கத்தில் வைத்தாள். “ஒவ்வொரு கேள்வியையும் நீர் எழுதின மறுமொழியையும் தமிழில எழுதித் தாரும்.”

“இப்பவும் நம்பிக்கையில்லையோ?”

“இல்லை,” என்றாள்.

எழுதிக் கொடுத்தேன். அவள் நின்றபடியே தொடக்கத்திலிருந்து கடைசி வரை வாசித்தாள். இரண்டு இடத்தில் திரும்பிப் போய் வாசித்தாள். பிறகு மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு, உடையார்கட்டுப் பக்கம் போகும் முல்லைத்தீவு பஸ் வரும் நேரமாகிவிட்டதென்று போனாள். போய்வருகிறேன் என்று சொல்லவில்லை.

அன்றைக்கே முதலாளி என்னை வேலையிலிருந்து நிறுத்தினார். ஊருக்குப் போக முகமில்லை. வேறு வேலை தேடும் வரை முரசுமோட்டையிலேயே இருப்பது என்று தீர்மானித்தேன். மில்லில் அடுத்த மாதச் சம்பளம் கொடுத்த மறுநாள் மஹ்றூப்பின் கடைக்குப் போனேன். அரிசி, பருப்பு, கொஞ்சம் மண்ணெண்ணெய் என்று சொன்னேன். அவர் எதையும் நிறுக்கவில்லை. கல்லாவுக்கு மேலே கம்பி தொங்கியது. மில் ஆட்களின் புதுத் துண்டுகள் எல்லாம் ஏற்கெனவே அதில் குத்தியிருந்தன. சிவனேஸ்வரியின் துண்டு எல்லாவற்றுக்கும் மேலே இருந்தது. புதுக் கிளாக்கர் தமிழில் எழுதியிருந்தான்: மொத்தச் சம்பளம், சேமலாப நிதி, கைக்கு வருவது. மூன்றே மூன்று வரி.

மஹ்றூப் கையை நீட்டினார்.

“துண்டு?” என்றார்.

“என்னட்ட இப்ப துண்டில்லை, நானா.”

“துண்டில்லாமல் நான் ஒருத்தருக்கும் கடன் குடுக்கிறதில்லை, தம்பி. உங்களுக்குத் தெரியாததே?” என்று சொல்லிவிட்டு, எனக்குப் பின்னால் நின்றவரிடம் என்ன வேண்டும் என்று கேட்டார்.